‘விலை கூடுதல்’ என்று சொல்லிவிட்டு நெட்டைத் துண்டிப்பவர்கள்: உண்மைக் காரணம் அறிய எந்த வழி தோது?

குமரி மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு ஃபைபர் இழுத்து நெட் கொடுக்கும் சிறு நிறுவனங்கள் நிறைய உண்டு. கேபிள் டிவி நடத்திக்கொண்டிருந்தவர்களில் பலர் இந்தத் தொழிலுக்கு வந்தவர்கள். இவர்களுக்குக் கணக்கும் டேட்டாவும் பார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு என்பதால், எந்த அலுவலகத்தில் போய் உட்கார்ந்தாலும் ஒரு கேள்வி வந்துவிடும்: "ஆளு ஏன் போறான்?" அதற்கு அலுவலகத்தில் ஒரு பதிலும் தயாராக இருக்கும்: "விலைதான். நூறு ரூபாய் குறைச்சா நிப்பான்."

அந்தப் பதிலை நம்பிக் காசை இறக்குவதற்கு முன், அதைச் சரிபார்க்க என்னென்ன வழி உண்டு, எது எவ்வளவு தாங்கும் என்று ஒப்பிட்டுப் பார்ப்போம். பேச வசதியாக ஒரு நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்கிறேன். தக்கலையில் அலுவலகம், குளச்சல், திங்கள்சந்தை, குலசேகரம் வரை லைன், மொத்தம் 4,000 இணைப்பு. கீழே வரும் எண்கள் எல்லாம் இந்தக் கற்பனை நிறுவனத்துக்கு நான் வைத்த எண்கள்தான். முடிவு செய்ய வேண்டியது இது: எல்லாப் பிளானிலும் நூறு ரூபாய் குறைப்பதா, அந்தப் பணத்தை லைனைச் சரிசெய்வதில் போடுவதா? நூறு ரூபாய் என்றால் மாதம் நான்கு லட்சம். போகிறவனுக்கு மட்டும் இல்லை, போக நினைக்காதவனுக்கும் சேர்த்துக் கொடுக்கிற பணம் அது.

முதல் வழி: காரணத்தைக் கேட்டு எழுதிக்கொள்வது

செலவே இல்லாத வழி. துண்டிக்கச் சொல்லி போன் வந்தால் அலுவலகத்தில் இருப்பவர் காரணம் கேட்டு எழுதுவார். இல்லையென்றால் பாக்ஸைத் திரும்ப எடுக்கப் போகும் லைன்மேன் கேட்பார். வாட்ஸ்அப்பில் ஒரு படிவம் அனுப்புகிறவர்களும் உண்டு.

இதில் முதல் சிக்கல், கேட்கிற ஆள். நம் பக்கத்தில் லைன்மேன் என்பவர் அடுத்த தெருக்காரர், ஒரே கோயில் திருவிழாவுக்கோ பள்ளித் திருநாளுக்கோ போகிறவர்.

"அண்ணே, எதுக்கு கட் பண்ணுதீங்க?"

"ஒண்ணும் இல்ல மக்கா, ரூவா கொஞ்சம் கூடுதலா இருக்கு."

இதற்குமேல் பேச்சு நகராது. "லைன் சரியில்லை" என்று சொன்னால் அது எதிரே நிற்கிற பையனையே குறை சொன்ன மாதிரி. ரூபாயைச் சொன்னால் யார் மனமும் கோணாது. அதனால் ‘விலை’ என்ற கட்டத்தில் விழும் பதில்களில் ஒரு பங்கு வெறும் மரியாதை. எந்தப் பங்கு என்பதைப் படிவம் சொல்லாது.

இரண்டாவது, பதிலுக்குக் கிடைக்கும் பரிசு. விலை என்று சொன்னவருக்கு உடனே "சரி, அடுத்த மூணு மாசம் நூறு ரூபாய் கம்மி" என்று சலுகை கொடுக்கும் வழக்கம் இருந்தால், அந்தச் செய்தி தெருவில் பரவ ஒரு வாரம் போதும். அப்புறம் எல்லோருக்கும் விலைதான் காரணம். காரணம் கேட்பதையும் சலுகை கொடுப்பதையும் ஒரே பேச்சில் வைக்கவே கூடாது.

மூன்றாவதுதான் பெரியது. நம் ஊர் நெட் இணைப்புகளில் பெரும்பாலானவை முன்பணம் கட்டி ஓடுபவை. நிறுத்த நினைக்கிறவர் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் போதும். போன் செய்து, காரணம் சொல்லி, பாக்ஸை ஒப்படைப்பவர் ஒரு வகை. சத்தமில்லாமல் மறைகிறவர் வேறு வகை. முதல் வகையின் பதிலை வைத்து இரண்டாம் வகையைப் பற்றி முடிவெடுக்க முடியாது.

ஆனாலும் படிவத்தைத் தூக்கிப் போட முடியாது. வீடு மாறுகிறார்கள், மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள், மகன் துபாய் போய்விட்டான், பக்கத்து வீட்டுக்கு வந்த புதுக் கம்பெனி ஓ.டி.டி. இலவசமாகக் கொடுக்கிறது என்பதெல்லாம் எந்தக் கம்பியிலும் தெரியாத செய்திகள். கேட்டால் மட்டுமே கிடைக்கும். படிவத்தை வைத்துக்கொண்டு அதைத் திருத்துவதுதான் புத்தி. விருப்பங்களின் வரிசையை ஒவ்வொருவருக்கும் மாற்றி வையுங்கள். விலை எப்போதும் முதலில் நின்றால் படிக்காமலே அதைத் தொட்டுவிட்டுப் போவார்கள். கடைசியில் ஒரு திறந்த கேள்வி: "நிறுத்திவிடலாம் என்று முதலில் எப்போது தோன்றியது, அப்போது என்ன நடந்தது?" ‘ஏன்’ என்று கேட்டால் ஒரு சொல் வரும், ‘எப்போது’ என்று கேட்டால் ஒரு சம்பவம் வரும். அந்த ‘எப்போது’ கீழே இன்னொரு வேலைக்கும் உதவும்.

இரண்டாம் வழி: லாக்கை மட்டும் பார்ப்பது

ஒவ்வொரு வீட்டு பாக்ஸும் இணையும்போதும் துண்டிக்கும்போதும், இணைப்புகளின் கணக்கை வைத்திருக்கும் ரேடியஸ் சர்வரில் ஒரு வரி பதிவாகும். எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது, எத்தனை பைட் போனது, எத்தனை வந்தது, ஏன் முடிந்தது. ஃப்ரீரேடியஸ் மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு இது `radacct` என்ற டேபிளில் இருக்கும். யாரும் மரியாதைக்காகப் பொய் சொல்லாத சாட்சி இது என்று தோன்றும். தோன்றுவது பாதிதான் சரி.

முதலில் இதன் பலம். பயன்பாடு குறைந்தது என்று பொதுவாகச் சொல்வதை லாக் பல கதைகளாகப் பிரித்துக் காட்டும். ஒரு வீட்டில் தினம் 12 ஜிபி ஓடிக்கொண்டிருந்தது, ஒரு செவ்வாய்க்கிழமை முதல் அரை ஜிபிக்கும் கீழே போய்விட்டது, ஆனால் பாக்ஸ் ஆன் ஆகியே இருக்கிறது என்றால் வீட்டில் ஆள் இருக்கிறார்கள். அவர்களுடைய போனும் டிவியும் மட்டும் வேறு வைஃபைக்குப் போய்விட்டன. போட்டிக் கம்பெனியின் லைன் அன்றைக்குத்தான் வீட்டுக்குள் வந்திருக்கும். நம் ரீசார்ஜ் முடிய இன்னும் சில நாள் பாக்கி, அதனால் பாக்ஸை யாரும் அணைக்கவில்லை. இதற்கு மாறாக, பயன்பாடு நின்ற அன்றே பாக்ஸும் அணைந்திருந்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறார்கள். மெல்ல மெல்ல, இரண்டு மூன்று மாதமாகக் குறைந்து வந்தால் அது இன்னொரு கதை: பிள்ளை கல்லூரி விடுதிக்குப் போயிருக்கலாம், வீட்டிலிருந்து பார்த்த வேலை முடிந்திருக்கலாம்.

நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு வகை உண்டு. வெளிநாட்டில் இருப்பவர்கள் கட்டிப் பூட்டி வைத்திருக்கும் மாடி வீடு. உள்ளே ஆள் இல்லை, சிசிடிவி மட்டும் ஓடுகிறது. டவுன்லோடு சொற்பம், அதைவிட அப்லோடு கூடுதல். பயன்பாட்டை மட்டும் பார்த்து ‘குறைந்த பயன்பாடு, போகப் போகிறவர்’ என்று வகைப்படுத்தினால் இவர்தான் பட்டியலின் உச்சியில் நிற்பார். உண்மையில் இவரைப்போல ஒட்டிக்கொண்டிருக்கும் வாடிக்கையாளர் கிடையாது. வீட்டுக் கேட்டைப் பார்க்க அவருக்கு வேறு வழியில்லை. `acctinputoctets` என்பது வீட்டிலிருந்து வெளியே போவது, `acctoutputoctets` என்பது வீட்டுக்குள் வருவது. பெயரைப் பார்த்துத் தலைகீழாக எடுத்துக்கொண்டால் இந்தக் கூட்டத்தைக் கண்டே பிடிக்க முடியாது.

எண்களை எடுக்கும்போது இரண்டு பள்ளங்கள் உண்டு. ரேடியஸில் பைட் எண்ணும் கணக்கு 32 பிட். 4 ஜிபி தாண்டினால் திரும்பப் பூஜ்யத்துக்கு வரும். எத்தனை முறை திரும்பியது என்பது `Acct-Output-Gigawords` என்ற தனிப் புலத்தில் வரும். ஃப்ரீரேடியஸின் இயல்பான அமைப்பு இரண்டையும் சேர்த்தே எழுதிவிடும். உள்ளூரில் யாரோ செய்து கொடுத்த பில்லிங் மென்பொருள் அப்படிச் சேர்க்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். சேர்க்கவில்லையென்றால் வாரக் கணக்கில் அறுபடாமல் ஓடும் நல்ல இணைப்பு 3 ஜிபி காட்டும். அடிக்கடி அறுந்து மீண்டும் தொடங்கும் கெட்ட இணைப்புதான் நிறையப் பயன்படுத்துவது போலத் தெரியும். எந்த ஒரு செஷனும் 4.3 ஜிபியைத் தாண்டாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள். இன்னொரு பள்ளம், ஓடிக்கொண்டிருக்கும் செஷனுக்கு நடுநடுவே வரும் இடைக்காலப் பதிவுகள். அவை அதுவரையிலான மொத்தத்தைச் சொல்பவை. அவற்றைத் தனித்தனி வரிகளாகச் சேமித்து எல்லாவற்றையும் கூட்டினால் பயன்பாடு பல மடங்கு வீங்கிவிடும்.

லைன் அறுவதை எண்ணுவது இப்படி இருக்கும்:

```sql
SELECT username, COUNT(*) AS drops
FROM radacct
WHERE acctterminatecause = 'Lost-Carrier'
  AND HOUR(acctstoptime) BETWEEN 18 AND 22
  AND acctstoptime >= '2025-05-01'
  AND acctstoptime <  '2025-06-01'
GROUP BY username;
```

மாலை ஆறு முதல் பதினொன்று வரை மட்டும் எடுப்பதற்குக் காரணம், காலை பதினொரு மணிக்கு அறுந்தால் பல வீடுகளில் யாருக்கும் தெரியாது. கிரிக்கெட் நேரத்தில் அறுந்தால் வீடே கத்தும். ஆனால் இந்த எண்ணிக்கையை அப்படியே நம்பக் கூடாது. `Lost-Carrier` என்பது எதிர்முனை சத்தமில்லாமல் காணாமல் போனது என்பதைத்தான் சொல்கிறது. ஃபைபர் அறுந்தாலும் இதே பதிவு. வீட்டில் கரண்ட் போனாலும் இதே பதிவு. இடி மழைக் காலத்தில் நம் பக்கம் கரண்ட் எத்தனை முறை போகும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இரண்டையும் பிரிக்க, வீட்டு ஃபைபர்கள் எல்லாம் நம் பக்கம் வந்து சேரும் கருவியான ஓ.எல்.டி.யின் அலாரப் பட்டியல் வேண்டும். கரண்ட் போனால் பாக்ஸ் உயிர் விடும் முன் ஒரு கடைசிச் செய்தி அனுப்பும். திரையில் `Dying Gasp` என்று வரும். அது இல்லாமல் வெளிச்சம் மட்டும் போயிருந்தால் `LOS` என்று வரும். இரண்டாவதுதான் நம் பொறுப்பு. துண்டிப்புக் காரணத்தைப் பதிவு செய்யும் விதமும் கருவிக்குக் கருவி மாறும். அலுவலகத்திலேயே ஒரு பாக்ஸை வைத்து, ஒரு தரம் ஃபைபரைப் பிடுங்கி, ஒரு தரம் ஸ்விட்சை அணைத்து, ஒரு தரம் ரவுட்டர் மெனுவில் போய்த் துண்டித்து, மூன்றுக்கும் என்ன எழுதப்படுகிறது என்று பார்த்துக்கொண்டு அப்புறம் எண்ணத் தொடங்குங்கள்.

லாக்குக்குக் கண் தெரியாத இடமும் ஒன்று இருக்கிறது. அதன் பார்வை பாக்ஸோடு முடிகிறது. பாக்ஸ் முன்னறையில், மகன் படிப்பது மாடியில் கடைசி அறையில், நடுவில் இரண்டு கான்கிரீட் தளம். "வேகமே இல்லை" என்று அவர்கள் எழுதுவார்கள். லாக்கில் லைன் சுத்தம், ஜிபியும் நன்றாக ஓடியிருக்கிறது. அதைப் பார்த்து ‘சும்மா சொல்கிறார்’ என்று தள்ளினால் தவறு நம்முடையது. வைஃபை எட்டாத வீடு எந்த ரேடியஸ் பதிவிலும் வராது. இந்த இடத்தில் படிவம் சொல்வதே மெய்.

மூன்றாம் வழி: இரண்டையும் ஒரே வரியில் வைப்பது

ஒரு எக்செல் தாளில், போன ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. இடப்பக்கம் அவர் சொன்ன காரணம், வலப்பக்கம் அவருடைய லைனும் பயன்பாடும். சொல்வதற்கு எளிது. இணைக்கும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு.

ஒன்று, எதை வைத்து இணைப்பது என்பது. போன் எண் உதவாது. கணக்கில் இருப்பது குவைத்தில் இருக்கும் மகனின் எண், படிவத்தை நிரப்பியது அம்மாவின் எண் என்பது இங்கே சாதாரணம். சந்தாதாரர் எண்ணை வைத்துத்தான் இணைக்க வேண்டும். ஒருவர் விட்டுப்போன யூசர்நேமை அப்படியே அடுத்த வீட்டுக்குக் கொடுக்கும் பழக்கம் இருந்தால் இரண்டு வீட்டு வரலாறும் கலந்துவிடும். இணைப்புத் தொடங்கிய தேதிக்கு முந்தைய பதிவுகளை வெட்டிவிட வேண்டும்.

மற்றது, எந்த நாளிலிருந்து பின்னோக்கிப் பார்ப்பது என்பது. பெரும்பாலோர் துண்டித்த தேதிக்கு முந்தைய முப்பது நாளை எடுப்பார்கள். ஆறு மாதப் பிளான் எடுத்தவர் மூன்றாம் மாதமே மனம் வெறுத்து வேறு லைனுக்குப் போயிருப்பார். ரீசார்ஜ் முடியும் நாளில்தான் நம் கணக்கில் ‘போனவர்’ ஆவார். அந்தக் கடைசி முப்பது நாளைப் பார்த்தால் ‘பயன்பாடே இல்லை, லைனும் நன்றாக இருந்தது’ என்று தெரியும். நடந்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அதனால் கடைசியாக வழக்கம்போல் ஓடிய வாரம் எது என்று முதலில் கண்டுபிடித்து, அந்த வாரத்துக்கு முந்தைய நான்கு வாரங்களைப் பார்க்க வேண்டும். வழக்கம் என்பது அந்த வீட்டின் பழைய இரண்டு மாதச் சராசரி. அதில் பாதிக்குமேல் ஓடிய கடைசி வாரம் என்று வைத்துக்கொள்ளலாம். படிவத்தில் ‘எப்போது தோன்றியது’ என்று கேட்டிருந்தோமே, அந்தப் பதிலும் இந்த வாரமும் பொருந்துகிறதா என்று பார்த்தால் கணக்கு சரியா என்பதற்கு ஒரு சோதனையும் ஆயிற்று.

நம் கற்பனை நிறுவனத்தில் ஏப்ரல் முதல் ஜூலை வரை 120 பேர் போனார்கள். காரணம் சொன்னவர்கள் 74 பேர். அதில் விலை என்றவர்கள் 32 பேர். அந்த 32 பேரையும் லாக்கோடு வைத்துப் பார்த்தால் இப்படிப் பிரிகிறார்கள்:

| லாக்கில் தெரிவது | பேர் |
|---|---|
| மாலை நேரத்தில் லைன் அடிக்கடி அறுந்தது, கரண்ட் கணக்கு கழித்து | 13 |
| பயன்பாடு மாதக் கணக்கில் மெல்லத் தேய்ந்தது | 7 |
| ஒரே நாளில் விழுந்தது, பாக்ஸ் ஆன் | 6 |
| கடைசி நாள் வரை நன்றாக ஓடியது, அப்படியே நின்றது | 6 |

‘விலை’ என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு சங்கதி இருந்திருக்கிறது. லாக்கை வைத்து வாடிக்கையாளரைப் பொய்யர் என்று சொல்வது இதன் நோக்கம் இல்லை. தேய்ந்துபோன ஏழு பேரும் உண்மையைத்தான் சொன்னார்கள். மாதம் 20 ஜிபி ஓடுகிற வீட்டுக்கு 600 ரூபாய் பிளான் கூடுதல்தான். அவர்களுக்கு வேண்டியது சின்னப் பிளான். எல்லோருக்கும் நூறு ரூபாய் குறைத்தாலும் அவர்களுக்கு அது இன்னும் கூடுதலாகவே இருக்கும். ஒரே நாளில் விழுந்த ஆறு பேரும் உண்மை சொன்னார்கள். அவர்கள் விலையைப் பக்கத்துக் கம்பெனியோடு ஒப்பிட்டார்கள். விலைக் குறைப்பு வேலை செய்யும் என்றால் அது இந்த ஆறு பேரிடம்தான்.

நான்காவது வரிசையில் இருக்கும் ஆறு பேரைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அதில் நான்கு பேர் குளச்சல், முட்டம் பக்கம். நின்றது எல்லாமே ஜூனில். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. ஆட்கள் கரையில் இருக்கிறார்கள், அதனால் வீட்டில் நெட் பயன்பாடு குறைவதற்குப் பதில் கூடத்தான் செய்யும். கையில்தான் காசு ஓட்டம் இல்லை. இவர்கள் சொன்ன ‘விலை’ என்பது ‘இந்த இரண்டு மாதம் முடியாது’ என்பது. நூறு ரூபாய் குறைத்தாலும் அறுநூறில் ஐநூறு கட்ட வேண்டுமே. இரண்டு மாதம் இணைப்பை நிறுத்திவைத்து ஆகஸ்டில் கட்டணமில்லாமல் திரும்பத் திறந்து கொடுப்பது இவர்களுக்குப் பொருந்தும். சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரைத் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அங்கே இதே கதை முன்னதாக வரும். ரீசார்ஜ் முடிந்து முப்பது நாள் ஆனால் ‘போனவர்’ என்று எழுதும் விதி இருந்தால் இவர்கள் ஜூலையில் இழப்பாகவும் ஆகஸ்டில் புது வாடிக்கையாகவும் இரண்டு முறை கணக்கில் ஏறுவார்கள். இரண்டும் தப்பு.

சரி, அந்த 13 பேர்? லைன் அறுந்ததுதான் காரணம், கேபிள் மாற்றுவோம் என்று கிளம்பலாமா? இன்னும் இல்லை.

இருப்பவர்களையும் பக்கத்தில் வைக்காமல் முடிவில்லை

போனவர்களை மட்டும் பார்த்து எழுதப்படும் எந்தக் கணக்கிலும் ஒரு ஓட்டை இருக்கும். 32 பேரில் 13 பேருக்கு லைன் அறுந்தது என்பது பத்துக்கு நான்கு. போகாமல் இருப்பவர்களுக்கும் பத்துக்கு நான்கு பேருக்கு அப்படித்தான் அறுந்தது என்றால் அறுந்ததால் போனார்கள் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. காய்ச்சல் வார்டில் எல்லோரும் கஞ்சி குடித்திருக்கிறார்கள் என்பதால் கஞ்சியால் காய்ச்சல் வந்தது என்று யாரும் சொல்வதில்லையே.

அதனால் போன ஒவ்வொருவருக்கும் இருக்கிற மூன்று பேரைச் சேர்த்து எடுங்கள். அதே வட்டாரம், முடிந்தால் ஒரு ஃபைபரைப் பல வீட்டுக்குப் பிரிக்கும் அதே ஸ்பிளிட்டர், அதே பிளான், ஏறக்குறைய அதே வயதுள்ள இணைப்பு. இவற்றோடு, அதே நான்கு வாரங்கள். இது முக்கியம். குமரிக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஜூனில் போனவரை பிப்ரவரியில் நன்றாக ஓடிய இன்னொருவரோடு ஒப்பிட்டால் மழையைத்தான் அளந்துகொண்டிருப்போம்.

நம் கணக்கில் விலை என்ற 32 பேருக்கு இப்படி 96 பேர் வருவார்கள். அவர்களில் அதே அளவுக்கு லைன் அறுந்தவர்கள் 19 பேர், ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். போனவர்களில் பத்துக்கு நான்கு. வித்தியாசம் இருக்கிறது. ஆனால் வட்டாரமாகப் பிரித்தால் வேறு முகம் தெரிகிறது. குலசேகரம் லைனில் விலை என்று சொல்லிப் போன 12 பேரில் 9 பேருக்கு லைன் அறுந்திருக்கிறது. அங்கே இருக்கும் 36 பேரில் 10 பேருக்கு. மற்ற இடங்கள் எல்லாம் சேர்த்து, போன 20 பேரில் 4, இருக்கும் 60 பேரில் 9. இந்த இரண்டாவது ஜோடியில் வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஒருவர் இப்படி, ஒருவர் அப்படி என்றால் மறைந்துவிடும்.

ஆக, விஷயம் குலசேகரம் லைனில். ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே போகும் கேபிள். காற்றடித்தால் கிளை விழும், வீட்டுக்குப் பக்கத்தில் வந்தால் தென்னை மட்டை விழும். அறுந்த இடத்தில் அவசரமாகப் போட்ட ஜாயிண்டில் தண்ணீர் இறங்கும். இதை உறுதிப்படுத்த ஓ.எல்.டி.யில் அந்த பாக்ஸுகளின் ஒளி அளவைப் பார்க்கலாம். சாதாரண ஜிபான் பாக்ஸுக்கு -27 dBm தான் தாங்கும் எல்லை, அதற்குக் கீழே போனால் வெளிச்சம் போதாது. வெயில் நாளில் -25, மழை நாளில் -28 என்று ஊசலாடினால் ஜாயிண்டைத் தேடிப் போகலாம். நாலாயிரம் வீட்டுக்கும் நூறு ரூபாய் என்ற மாதம் நான்கு லட்சத்தோடு, ஒரு வட்டாரத்தில் கேபிள் இழுக்கும் ஒருமுறைச் செலவை வைத்துப் பார்த்தால் முடிவு தானாகவே வந்துவிடும்.

இந்த இடத்திலும் எண்ணிக்கை சின்னது என்பதை மறக்கக் கூடாது. 12 பேரில் 9 என்பது ஒரு சுட்டுதல்; தீர்ப்பு இல்லை. அந்த ஒன்பது வீட்டுக்கும் போன் செய்வதுதான் அடுத்த வேலை. லைன்மேன் அல்ல, முடிந்தால் அலுவலகத்திலிருந்து அவர்களுக்குத் தெரியாத ஒருவர். "மே மாசம் லைன் அடிக்கடி கட் ஆச்சே, அதனாலதானே விட்டீங்க?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். "கடைசி ரெண்டு மாசம் நெட் எப்படி இருந்தது, அக்கா?" என்று விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அவர்களாகவே மழையையும் இருட்டில் போன டிவியையும் சொன்னால் சரி. வேறு எதையாவது சொன்னால் அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். லாக்கும் படிவமும் முரண்படும் வீடுகளுக்கு மட்டும் இப்படிப் போன் செய்வது, போன எல்லோருக்கும் போன் செய்வதைவிடக் குறைந்த வேலை, கூடுதல் பலன்.

காரணமே சொல்லாத அந்த 46 பேர்? அவர்களையும் லாக் வகைகளில் பிரித்துப் பாருங்கள். சொன்னவர்களும் சொல்லாதவர்களும் ஒரே மாதிரிப் பிரிந்தால் படிவத்தைக் கொஞ்சம் நம்பலாம். சொல்லாதவர்களில் ‘ஒரே நாளில் விழுந்தது, பாக்ஸ் ஆன்’ வகை அதிகமாக இருந்தால் போட்டிக் கம்பெனிக்குப் போனவர்கள் சொல்லாமல் போகிறார்கள் என்று பொருள், அப்போது அந்த ஆறு பேர் என்ற எண் மிகவும் குறைவு. விலையைப் பற்றிய முடிவு மாறக்கூடிய ஒரே இடம் இதுதான். நான் முதலில் பார்ப்பதும் இதையே.

யார் போவார் என்று முன்கூட்டியே கணிக்கும் மாடல் ஒன்றை வாங்கலாமே என்று கேட்கிறவர்களும் உண்டு. நான்கு மாதத்தில் 120 பேர் போகிற நிறுவனத்துக்கு அது வேண்டாம். மாடலுக்குக் கற்றுக்கொடுக்க இந்த எண்ணிக்கை போதாது. கற்றாலும் அது ‘யார்’ என்பதைச் சொல்லும். நம் கேள்வி ‘ஏன்’.

ஒரு எச்சரிக்கை. இந்த வேலைக்கு எத்தனை பைட், எத்தனை மணிக்கு என்பது போதும். எந்தத் தளத்தைப் பார்த்தார்கள் என்பது தேவையே இல்லை, தொடவும் கூடாது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருபுறம். சின்ன ஊரில் ‘நெட்காரன் நம்ம வீட்டுல என்ன பாக்காங்கன்னு பாக்கான்’ என்ற பேச்சு ஒரு தெருவைக் காலி செய்யப் போதும் என்பது இன்னொருபுறம். எக்செல் தாளில் பெயரும் போன் எண்ணும் இல்லாமல் சந்தாதாரர் எண் மட்டும் இருக்கட்டும்.

இனி எந்த வழி யாருக்கு. ஐந்நூறு இணைப்புக்குக் கீழே இருப்பவருக்கு மாதம் நான்கைந்து பேர்தான் போவார்கள். அவர்களுக்கு இந்த ஒப்பீட்டுக் கணக்கு ஒன்றும் சொல்லாது. திருத்திய படிவம், போன ஒவ்வொருவருடைய கடைசி இரண்டு மாத லாக்கும் ஒரே காகிதத்தில், லைன்மேன் அல்லாத ஒருவரின் போன் அழைப்பு, இது போதும். இரண்டாயிரத்துக்கு மேலே போனால் இருப்பவர்களைப் பக்கத்தில் வைத்துச் செய்யும் மூன்றாம் வழிதான் செய்யத் தகுந்தது, அதுவும் மாதா மாதம் அல்ல. ஆண்டுக்கு இருமுறை, தென்மேற்கு மழைக்குப் பின் ஒன்று, வடகிழக்குக்குப் பின் ஒன்று என்று. இடையில் இருப்பவர்கள் தங்கள் ரேடியஸ் பதிவு எத்தனை மாதத்துக்கு அழியாமல் இருக்கிறது என்று முதலில் பார்க்கட்டும். மூன்று மாதத்தில் தானாக அழியும்படி அமைத்திருந்தால், ஆறு மாதப் பிளான்காரர் போகிற நாளில் அவர் மனம் மாறிய வாரத்தின் பதிவு சர்வரில் இருக்காது.